முடவன் முழுக்கு: ஆற்றில் இறங்கி நாம் விட்டுவிட்டு வருவது எதை?



நண்பர்களே, கொஞ்ச நாள் முன்னாடி ஒரு தம்பி என்னிடம் கேட்டார். "அண்ணா, எங்க வீட்டு பாத்ரூம் குழாயில வர்றதும் காவிரித் தண்ணிதான். அப்புறம் எதுக்கு பஸ் ஏறிப் போய் ஆத்துல குளிக்கணும்? அதே தண்ணிதானே?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கும் இதே சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. அது தீர்ந்தது மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில், என் அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிய ஒரு கார்த்திகை முதல் தேதி. அதனால் காவிரியையும் அந்த ஒரு துறையையும் வைத்தே இதைச் சொல்லப் பார்க்கிறேன்.

*முருகனைச் சுமந்த ஆறு*

முதலில் நம்ம முருகன் பிறந்த கதையை நினைத்துக்கொள்ளுங்கள். சிவபெருமானின் நெற்றிக் கண்ணிலிருந்து ஆறு பொறிகள் கிளம்புகின்றன. அந்தச் சூட்டைத் தேவர்களால் தாங்க முடியவில்லை. வாயுவும் அக்னியும் அந்தப் பொறிகளை எடுத்துக்கொண்டு போய்க் கங்கையில் விடுகிறார்கள். கங்கை அவற்றைச் சுமந்து போய்ச் சரவணப் பொய்கையில் சேர்க்கிறாள். அங்கே ஆறு தாமரையில் ஆறு குழந்தைகள். முருகனுக்குக் காங்கேயன் என்று பேர் வந்தது இதனால்தான். கங்கையின் பிள்ளை என்று அர்த்தம்.

இதில் கங்கை என்ன செய்தாள் என்று பாருங்கள். அவள் அந்த நெருப்பை அணைக்கவில்லை. மற்றவர்களால் தாங்க முடியாததைத் தாங்கி, அது போய்ச் சேரவேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஆறு என்றால் நம் பெரியவர்கள் மனதில் இருந்த முதல் எண்ணம் இதுதான்: நம்மால் தூக்க முடியாததை அது தூக்கிக்கொண்டு போகும்.

ஊர்ப் பெயரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மயிலாடுதுறை என்றதும் நம்மில் பலர் அந்த மயிலை முருகன் வாகனம் என்று நினைத்துக்கொள்கிறோம். தல வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அம்பாள் மயில் வடிவம் எடுத்துச் சிவனை வழிபட்ட இடம் அது. அதனால்தான் சுவாமிக்கு மயூரநாதர் என்று பேர். கடைசியில் இருக்கிற 'துறை' என்ற சொல்லையும் கவனியுங்கள். ஆற்றில் இறங்குகிற இடம், குளிக்கிற இடம், ஓடம் கட்டுகிற இடம் எல்லாமே துறைதான். வடமொழியில் தீர்த்தம் என்ற சொல்லுக்கும் அடிப்படை அர்த்தம் கடக்கும் இடம் என்பதுதான். புனிதமான தண்ணீர் என்ற அர்த்தம் அதற்குப் பிறகு வந்தது.

அதாவது தீர்த்தம் என்பது வெறும் தண்ணீர் இல்லை. ஒருத்தர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற இடம். குழாய்த் தண்ணீர் நம் வீடு தேடி வருகிறது. துறைக்கு நாம்தான் போகவேண்டும். தம்பியின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு ஐப்பசி மாதத்துக் கதை வேண்டும்.

*கங்கையே குளிக்க வந்த ஆறு*

சூரியன் துலா ராசியில் இருக்கும் மாதம் ஐப்பசி. நம் காலண்டரில் அக்டோபர் 17, 18 வாக்கில் ஆரம்பித்து நவம்பர் 15, 16 வரை வரும். இந்த மாதம் காவிரியில் குளிப்பதைத் துலா ஸ்நானம் என்பார்கள். கர்நாடகத்தில், குடகு மலையில் இருக்கும் தலைக்காவிரியில் துலா மாதம் பிறக்கும் நேரத்தில் தீர்த்தம் பொங்கி வருவதைப் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் கூடுவார்கள். தமிழ்நாட்டில், திருச்சிக்கு மேற்கே திருப்பராய்த்துறையில் ஐப்பசி முதல் தேதி முதல் முழுக்கு. மாதத்தின் கடைசி நாள் மயிலாடுதுறையில் கடைமுழுக்கு. கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. மாதம் பிறக்கும்போது அது உற்பத்தியாகும் மலையில் கூட்டம், மாதம் முடியும்போது அது கடலை நெருங்கும் ஊரில் கூட்டம்.

ஏன் ஐப்பசி? பருவத்தைப் பார்த்தாலே கொஞ்சம் புரியும். தென்மேற்குப் பருவமழை குடகில் பெய்து, மேட்டூர் வழியாக அந்தத் தண்ணீர் டெல்டாவுக்கு வந்துகொண்டிருக்கும். அதே சமயம் வடகிழக்குப் பருவமழை இங்கே தொடங்கும். இரண்டு மழையும் காவிரியில் சந்திக்கிற மாதம் அது. ஆறு நிறைந்திருக்கும்போது அங்கே விழா வைத்தார்கள்.

இனி கதை. உலகத்தில் உள்ள எல்லாரும் கங்கையில் குளித்துத் தங்கள் பாவத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். அத்தனையும் கங்கை மேல் சேர்ந்துவிட்டது. அவள் சிவபெருமானிடம் போய், "எல்லாரும் என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள், நான் எங்கே போய் விடுவேன்?" என்று அழுகிறாள். "ஐப்பசி மாதம் மாயூரத்துக்குப் போய்க் காவிரியில் நீராடு" என்று அவர் சொல்கிறார். அப்படியே கங்கையும் மற்றப் புண்ணிய நதிகளும் அந்த மாதம் காவிரிக்கு வருகின்றன என்பது நம்பிக்கை.

நான் சின்ன வயதில் இதைக் கேட்டபோது 'நம்ம காவிரி கங்கையை விடப் பெருசு' என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் இதில் வேறு ஒன்று தெரிகிறது. ஆற்றில் விட்டது மாயமாக மறைந்துபோகும் என்று இந்தக் கதை சொல்லவில்லை. யாரோ ஒருத்தர் அதைச் சுமக்கிறார் என்று சொல்கிறது. நாம் தலையில் இருந்து இறக்கி வைத்தது கங்கையின் தலையில் ஏறியது. அவளுக்கே ஒரு நாள் பாரம் தாங்கவில்லை. அப்படியென்றால் முழுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி அதே தப்பைச் செய்கிறவன், சுமக்கிறவள் மேல் இன்னொரு மூட்டையைத் தூக்கிப் போடுகிறான்.

*ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்த கதை*

கடைமுழுக்கு அன்று துலாக்கட்டம் எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். ஊரில் உள்ள கோயில்களிலிருந்து சுவாமிகள் எழுந்தருளிக் கரைக்கு வருவார்கள். ஆற்றின் நடுவில் நந்தி மண்டபம் இருக்கும். அஸ்திரதேவரைத் தண்ணீரில் முழுக்கி எடுக்கும்போது இரண்டு கரையிலும் நிற்கிற ஜனம் மொத்தமும் சேர்ந்து முழுகும். அதுதான் தீர்த்தவாரி.

இந்த நாளுக்கு வந்து சேரவேண்டும் என்று கால் நடக்க முடியாத ஒரு பக்தர் தூரத்திலிருந்து கிளம்பினாராம். தவழ்ந்தும் தேய்த்தும் அவர் வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. அடுத்த நாள் கார்த்திகை பிறந்துவிட்டது. அவர் கரையில் உட்கார்ந்து அழ, "உனக்காக இன்று ஒரு நாள் சேர்த்துத் தருகிறேன், இப்போது முழுகினாலும் முழுப் பலன் உண்டு" என்று சிவபெருமான் அருளினார். இன்றைக்கும் கார்த்திகை முதல் தேதி அங்கே முழுக்கு உண்டு. அதற்குப் பேர் முடவன் முழுக்கு. பழைய பேர், அப்படியே நின்றுவிட்டது.

இந்த நாளில்தான் நான் என் அப்பாயியோடு போனேன். எங்களுக்குக் குத்தாலம் பக்கம். அப்பாயிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டது. கடைமுழுக்குக் கூட்டத்தில் அவரை இறக்க முடியாது. "எனக்குன்னே ஒரு நாள் வச்சிருக்கான்டா, அன்னிக்குக் கூட்டிட்டுப் போ" என்பார். நான் சென்னையில் வேலை என்று சொல்லி இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். மூன்றாவது வருஷம் அவரே தேதியை முடிவு பண்ணிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: "ஒரு ஆள் புடிச்சா விழுந்துருவேன். ரெண்டு பக்கமும் ஆள் வேணும். உங்க அண்ணனையும் வரச்சொல்லிட்டேன்."

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். தாத்தா வீட்டுப் பங்கு விஷயத்தில் எங்களுக்குள் பேச்சு நின்று இரண்டு வருஷம். கல்யாணத்தில் பார்த்தால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். அப்பாயிக்கு இது தெரியும். தெரிந்துதான் வரச்சொன்னார்.

விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். லேசான தூறல். முந்தின நாள் கூட்டத்தின் மிச்சமாகப் படியெல்லாம் பூவும் சேறும். ஆறு கணுக்கால், முழங்கால் என்று படிப்படியாக ஆழமாகிக்கொண்டே போனது. நான் வலது பக்கம், அண்ணன் இடது பக்கம். பாசி பிடித்த படியில் ஒரு ஆள் காலை ஊன்றிய பிறகுதான் இன்னொரு ஆள் காலை எடுத்து வைக்க முடியும். அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை. "வழுக்குது, நீ மொதல்ல எறங்கு" என்று அண்ணன் சொன்னதுதான் இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. "சரிண்ணே, புடிச்சுக்கங்க" என்றேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அப்பாயி மூன்று முறை முழுகினார். கரையேறித் தலை துவட்டிக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "காசிக்குப் போனா கத்திரிக்காய விடுறேன், பாகற்காய விடுறேன்னு வருவாங்க. புடிக்காத காய விட்டு என்ன பிரயோசனம்? ரெண்டு பேரும் இங்க எதையாச்சும் விட்டீங்களா?" என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை. "விட்டத திரும்பி எடுக்காதீங்க. அது அவ சுமக்கிறது" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுப் பங்கு விவகாரம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். அதற்கு அப்புறமும் பல மாதம் ஆனது. ஆனால் போன் எடுத்துப் பேசித் தீர்த்துக்கொண்டோம். நடுவில் ஒரு தடவை கோபத்தில் பழையதை எடுக்கப் போனேன். அந்த வாக்கியம் ஞாபகம் வந்தது, நிறுத்திக்கொண்டேன். கங்கைக் கதையை நான் முப்பது தடவை கேட்டிருப்பேன். எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

*எப்படி முழுகுவது*

இனி நடைமுறைக்கு வருவோம். நிறையப் பேர் தீர்த்தத்தில் போய்க் குளிக்கிறோம் என்று சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் எடுத்துப் போகிறார்கள். முறை அதற்கு நேர் எதிர். உடம்பு அழுக்கை வீட்டிலோ கரையில் உள்ள குழாயிலோ முதலில் கழுவிக்கொள்ள வேண்டும். தீர்த்தத்தில் செய்வது முழுக்கு மட்டும்.

செருப்பை மேலேயே விட்டுவிட்டுக் கடைசிப் படிக்கு வாருங்கள். காலை வைப்பதற்கு முன் குனிந்து கையால் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். தாய் மடியில் கால் வைக்கிறோம், முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருள்.

அடுத்தது சங்கல்பம். புரோகிதர் சொல்லும்போது நமக்கு ஒரு நீளமான மந்திரம் போலக் கேட்கும். உள்ளே இருப்பது எளிமையான விஷயம். இது எந்த இடம், எந்த ஆற்றின் எந்தக் கரை, எந்த வருஷம், மாதம், திதி, நட்சத்திரம், குளிக்கிற நான் யார், எதற்காகக் குளிக்கிறேன். அவ்வளவுதான். மந்திரம் தெரியாவிட்டால் தமிழிலேயே மனசுக்குள் சொல்லலாம். "இன்று கார்த்திகை ஒன்று, மயிலாடுதுறையில் காவிரித் தென்கரையில் நிற்கிறேன், என் பேர் இது, இன்ன தப்பை விட்டுவிட வந்திருக்கிறேன்." கடைசி வரியைப் பொதுவாகச் சொல்லாமல், குறிப்பாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும்.

ஆற்றில் முழுகும்போது தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது மரபு. குளமாக இருந்தால் சூரியனைப் பார்த்து நிற்கலாம். மயிலாடுதுறையில் காவிரி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அதனால் மேற்கே பார்த்து முழுகிவிட்டு, பிறகு கிழக்கே திரும்பிச் சூரியனுக்கு இரண்டு கையால் நீர் விட்டுக் கும்பிடலாம். மூன்று முழுக்கு போதும். தலை முழுவதும் நனைய வேண்டும். துப்புவது, மூக்கைச் சிந்துவது, ஈரத் துணியை ஆற்றுக்குள்ளேயே பிழிவது எதுவும் கூடாது. கரையேறித் துடைத்துக்கொண்டு, விபூதி பூசி, ஈரம் காய்வதற்குள் கோயிலுக்குப் போகலாம்.

*எப்போது இறங்கக் கூடாது*

இது முக்கியம். புண்ணியம் என்று நினைத்து எந்த நிலையிலும் குதித்துவிடக் கூடாது. மேட்டூரில் அதிகமாகத் திறந்துவிட்ட சமயம், மழை பெய்து தண்ணீர் செம்மண் நிறத்தில் வேகமாக வரும் சமயம், கரையில் தடுப்புக் கட்டியிருக்கும் சமயம், மேல் படியிலேயே நின்று ஒரு சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். மணல் அள்ளிய ஆறுகளில் இடுப்பளவு தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஆள் முழுகும் பள்ளம் இருக்கும். மேலே நின்று பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரிந்தவனையும் அது விடாது. உள்ளூர்க்காரர்கள் எங்கே இறங்குகிறார்களோ அங்கே மட்டும் இறங்குங்கள்.

அதற்கு மாறாகத் தண்ணீர் குறைந்து ஓட்டமே இல்லாமல் தேங்கி நிற்கும் வருஷங்களும் உண்டு. மேலே நுரை, பச்சைப் படலம், சாக்கடை வாடை இருந்தால் முழுக வேண்டாம். வாயில் ஊற்றிக்கொள்ளவே வேண்டாம். இரண்டு சொட்டுத் தலையில் தெளித்தால் போதும். அதற்குப் புரோட்சணம் என்று பெயர், மரபிலேயே அதற்கு இடம் உண்டு.

நம் சாஸ்திரங்கள் ஸ்நானத்தில் ஏழு வகை சொல்கின்றன. தண்ணீரில் குளிப்பது அதில் ஒன்று மட்டுமே. அதற்கு வாருணம் என்று பேர். விபூதியை உடம்பில் பூசிக்கொள்வது ஆக்னேய ஸ்நானம். மனத்தால் இறைவனை நினைப்பது மானச ஸ்நானம். படுத்த படுக்கையாக இருக்கும் உங்கள் பாட்டிக்கு நீங்கள் நெற்றியில் பூசிவிடும் திருநீறும் ஒரு முழுக்குதான். கால் நடக்காதவருக்காக ஒரு நாளைக் கூட்டித் தந்த மரபு இப்படித்தானே சொல்லும்!

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அப்பர் சுவாமிகள் தேவாரத்தில், இறைவன் எங்கும் இருக்கிறான் என்ற எண்ணம் இல்லாதவருக்குக் கங்கை, காவிரி என்று எங்கே போய் நீராடினாலும் பயனில்லை என்று கேட்டிருக்கிறார். ஊர் ஊராகப் போய்த் தலங்களை வழிபட்டவர் அவர். நீராடுவதை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் தானாகவே வேலை செய்துவிடும் என்று நம்புவதைத்தான் வேண்டாம் என்கிறார்.

*ஆற்றில் விடக்கூடாதது*

கடைசியாக ஒன்று. பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வரும் பழக்கம் பல ஊர்களில் பரவிவிட்டது. தாமிரபரணியில், பாபநாசம் படித்துறையில் இப்படிச் சேரும் துணியை எடுத்து எடுத்து மாளவில்லை. அந்தத் துணி கங்கையிடம் போகாது. அடுத்த படித்துறையில் போய்ச் சிக்கும், மீன் செத்துப்போகும், அடுத்து முழுக வருகிற ஒரு அப்பாயியின் காலில் சுற்றும். பாலியஸ்டர் கலந்த துணி மக்கவும் மக்காது. துணியை விட்டுவிட்டுக் கோபத்தை வீட்டுக்குத் திரும்பி எடுத்து வருகிறோம். உண்மையில் மாற்றிச் செய்ய வேண்டும். நல்ல துணியாக இருந்தால் துவைத்து ஒருவருக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

ஆக, தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. குழாயில் வருவதும் அதே காவிரிதான், சந்தேகமே இல்லை. ஆனால் குழாயடியில் நின்று யாரும் "நான் யார், எதை விட வந்தேன்" என்று சொல்வதில்லை. பேசாத அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டிய படியும் அங்கே இல்லை.

அப்பாயி போன வருஷம் தவறிவிட்டார். இந்தக் கார்த்திகை முதல் தேதி நானும் அண்ணனும் துலாக்கட்டம் போகிறோம். படியில் யாராவது வயதானவர் தடுமாறினால் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் இருப்போம்.

முருகா சரணம்!